ஓட்டை போட்டவர் அடைக்கணுமா, சுவர் கட்டியவர் அடைக்கணுமா?

வீடு கட்டத் தொடங்கினால் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளைத் தேடுகிறோம். கொத்தனார், சென்ட்ரிங் ஆள், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுபவர், கதவு ஜன்னலுக்கு ஆசாரி, கடைசியில் பெயின்டர். நல்ல ஆள்தானா என்று நாலு பேரிடம் விசாரித்து, ரேட் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறோம். ஆனால், ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் அந்த இடம் இருக்கிறதே, அதற்கு மட்டும் யாரையும் தேடுவதில்லை. வீட்டில் தண்ணீர் ஒழுகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தென்காசி மாவட்டத்தில் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அருகில் இருக்கிற ராயகிரிதான் எங்கள் ஊர். அங்கே அப்பாவும் அம்மாவும் கட்டிய வீட்டின் மாடி பாத்ரூம் கற்றுக்கொடுத்த பாடம் இது. எட்டடிக்கு ஐந்தடி, மொத்தம் 40 சதுர அடி. அந்த 40 சதுர அடிக்குள் ஆறு பேர் வேலை பார்த்திருந்தார்கள். ஆறு பேருமே கெட்டிக்காரர்கள். அப்படியும் கிரகப்பிரவேசம் முடிந்து எட்டாவது மாதம், பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கிற சாப்பாட்டு அறையின் கூரையில், ஃபேன் மாட்டிய இடத்தைச் சுற்றி ஈரம் படர்ந்தது.

எல்லோர் சொன்னதும் உண்மை

ஈரம் ஃபேன் பெட்டியைச் சுற்றித் தெரிந்ததால் முதலில் மாட்டியவர் எலக்ட்ரீஷியன். அவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வயர் போற பைப்புல தண்ணி எங்கிருந்து வரும்? மேல பாத்ரூம்ல இருந்து எறங்குது" என்றார். முதல் வேலையாக அந்த அறையின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் போனார். சரியாகத்தான் செய்தார். தளத்துக்குள் புதைத்திருக்கிற வயர் பைப், கசியும் தண்ணீருக்கு நல்ல வாய்க்கால். எங்கோ இறங்குகிற தண்ணீரை அது ஃபேன் பெட்டி வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்து பிளம்பர் வந்தார். "நான் போட்ட பைப்புல ஜாயின்ட் ஒண்ணுகூட ஒழுகாது, டெஸ்ட் பண்ணிக் காட்டுதேன்" என்றார். டைல்ஸ் ஒட்டியவர் தட்டிப் பார்த்தார். எந்த டைல்ஸும் டொக்கு விழவில்லை. கொத்தனார், "நான் தளத்தைப் போட்டு ஒரு மழைக்காலம் போயிருக்கு. அப்ப ஒழுகலியே" என்றார். தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சான வாட்டர்புரூஃபிங் செய்தவர், தான் பூச்சு அடித்து முடித்த அன்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூலை முடுக்கெல்லாம் அழகாகப் பூசியிருந்தது.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. அப்பாவுக்கும் அப்படித்தான். ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா வந்த பிறகுதான் கதை மாறியது. அவர் எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஏலே, இவங்க அஞ்சு பேரு சொல்லுததும் நெசந்தான். தண்ணி ஒருத்தர் வேலைக்குள்ளயும் போகல. ரெண்டு வேலைக்கு நடுவுல போகுது."

பென்சிலும் ஒரு வாரப் பொறுமையும்

பெரியப்பா உடனே எதையும் உடைக்கச் சொல்லவில்லை. பாத்ரூமை ஒரு வாரம் பூட்டச் சொன்னார். காரணம் இருக்கிறது. மாடி பாத்ரூமுக்கு, தளத்தையே ஓர் அடி பள்ளமாக இறக்கிப் போடுவார்கள். 'சங்கன் ஸ்லாப்' என்பது அதுதான். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். ஒருமுறை தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் அந்த நிரப்பு முழுக்க ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு குழாயை மூடினாலும் பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வடிவதற்கு முன்னால் எந்தச் சோதனை செய்தாலும் தப்பான பதிலே வரும்.

ஒரு வாரத்தில் ஈரம் பரவுவது நின்றது. கீழே கூரையில் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதினார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சோதனை.

முதலில் பாத்ரூமுக்கு வரும் தண்ணீர் வால்வை மட்டும் திறந்துவிட்டு, உள்ளே எந்தக் குழாயையும் தொடாமல் இரண்டு நாள் விட்டார்கள். சுவருக்குள் போகிற குழாயில் கசிவு இருந்தால் இப்போதே கோடு தாண்டியிருக்கும். தாண்டவில்லை. அடுத்து, தரையில் ஒரு சொட்டும் படாமல் ஹோஸ் வைத்து, தரைக் கழிவுத் துளைக்குள் நேராகப் பத்து வாளி தண்ணீர் விட்டார்கள். டாய்லெட்டைப் பத்து முறை ஃபிளஷ் செய்தார்கள். இரண்டு நாள் காத்திருந்தும் கோடு தாண்டவில்லை. ஆக, பிளம்பர் சொன்னது உண்மை. கழிவுக் குழாய்களும் சரி.

மூன்றாவதாக, கழிவுத் துளையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் அடைத்துவிட்டு, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினார்கள். 40 சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 95 லிட்டர், ஏழெட்டுக் குடம். மறுநாள் காலையில் பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் நான்கு விரல் அகலம் பரவியிருந்தது. தண்ணீர் குழாய்க்குள் இருந்து வரவில்லை, தரையில் இருந்துதான் இறங்குகிறது என்பது உறுதியானது.

"அப்படின்னா டைல்ஸ்காரர்தானே?" என்று நான் போனில் கேட்டேன். அதுவும் இல்லை. பலரும் நினைப்பதுபோல டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸ் வழியே இறங்காவிட்டாலும், அவற்றின் இடுக்கில் வைக்கிற சாதாரண சிமென்ட் பூச்சு வழியே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அப்படி இறங்குவதைத் தடுத்து நிறுத்துவது கீழே பள்ளத்தில் அடித்த வாட்டர்புரூஃபிங் பூச்சின் வேலை. அந்தப் பூச்சில்தான் எங்கோ வழி இருந்திருக்கிறது.

உடைத்தபோது தெரிந்தது

டைல்ஸை உடைத்து, நிரப்பை அள்ளிய பிறகு இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, டாய்லெட் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் ஓட்டை. குழாய் 110 மில்லி மீட்டர், அதாவது நாலங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்காகத் தளத்தில் உடைத்த ஓட்டை ஆறு அங்குலத்துக்கும் மேல். சுற்றியிருந்த அந்த ஓர் அங்குல இடைவெளியில் சிமென்ட் கலவையை மேலாக அப்பியிருந்தார்கள். பி.வி.சி குழாய் வழவழப்பானது. சிமென்ட் அதைப் பிடிக்காது. காயும்போது கலவை சுருங்கும். ஆக, குழாயைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வளையம் விட்டுப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் அந்தக் கலவை ஆடியது.

இரண்டாவது, வாஷ்பேசின் குழாய். முதலில் கதவுக்கு எதிரே இருந்த வாஷ்பேசினைக் கதவு இடிக்கிறது என்று அம்மா சொல்லி, பக்கத்துச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால், அதற்குள் வாட்டர்புரூஃபிங் செய்தவர் வேலையை முடித்து, பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிளம்பர் புதுக் குழாய்க்காக அந்தப் பூச்சைக் கொத்தி வழி எடுத்திருக்கிறார். பூச்சு போனதைச் சொல்ல வேண்டியது யார், மறுபடி பூச வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் நிரப்பு கொட்டி மூடிவிட்டார்கள்.

பிளம்பர் கேட்டார்: "ஓட்டையை அடைக்கிறது கொத்தனார் வேலைதானே, எங்கிட்ட கலவை ஏது?" கொத்தனார் கேட்டார்: "ஓட்டை போட்டவங்கதானே அடைக்கணும், நான் தளம் போட்டப்ப ஓட்டையே இல்லையே?" இருவரும் கேட்பது நியாயம்தான். சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பெரியப்பா அப்பாவிடம், ஒவ்வொருவருக்கும் எந்தக் கணக்கில் ரேட் பேசினீர்கள் என்று கேட்டார். கொத்தனாருக்குக் கட்டடத்தின் சதுர அடிக்கு. பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பாயின்ட் கணக்கு. டைல்ஸுக்கு ஒட்டிய சதுர அடிக்கு. வாட்டர்புரூஃபிங்குக்குப் பூசிய சதுர அடிக்கு. குழாயைச் சுற்றியிருந்த அந்த ஓர் அங்குல வளையம் இவற்றில் எந்தக் கணக்கிலும் வராது. அது பாயின்டும் இல்லை, சதுர அடியும் இல்லை. கூலி இல்லாத வேலையை யாரும் தன் வேலை என்று நினைக்க மாட்டார்கள். அந்த வளையத்தை அடைக்க ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அரை நாள், ஒரு மூட்டை கிரவுட் போதும். ரேட் பேசிய நாளிலேயே அந்த அரை நாள் விட்டுப்போய்விட்டது.

அமெரிக்காவிலும் இதே கதை

சின்ன ஊர் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1981-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கவிட்டிருந்த இரண்டு நடைபாலங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

முதலில் போட்ட வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி, மேல் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரை போகும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு மாட்டுவது கடினம் என்று, இரும்பு வேலை செய்த நிறுவனத்தின் தரப்பில் அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு. இன்னொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு. கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவரின் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும்? மேலே இருப்பவரின் கை இரண்டு பேர் எடையையும் தாங்க வேண்டும். மேல் பாலத்தின் இணைப்பில் சுமை இரண்டு மடங்கானது அப்படித்தான்.

அந்த இணைப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இரும்பு வேலைக்காரர்களின் பொறுப்பு என்று வடிவமைத்த இன்ஜினீயர் தரப்பு நினைத்தது. வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிற இன்ஜினீயர் தரப்புதான் அதைப் பார்க்கும் என்று இரும்பு வேலைக்காரர்கள் நினைத்தார்கள். கடைசியில் யாருமே கணக்குப் போடவில்லை. பின்னால் நடந்த விசாரணையில், பொறுப்பு வடிவமைப்பு இன்ஜினீயர்களுடையதுதான் என்று முடிவாகி, அவர்களின் உரிமம் பறிக்கப்பட்டது.

எங்கள் பாத்ரூமில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடந்தது ஒன்றுதான். வேலை பாதியில் ஒரு மாற்றம் வந்தது. அந்த மாற்றம் இரண்டு பேரின் வேலை சந்திக்கும் இடத்தைத் தொட்டது. அதை அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இன்னொருவரை நினைத்துக்கொண்டார்கள்.

நாலு கட்டம் போட்ட நோட்டு

ரிப்பேர் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், பெரியப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நாலு கட்டம் போட்டார். முதல் கட்டத்தில், இரண்டு வேலைகள் சந்திக்கும் இடம். இரண்டாவதில், அதை யார் செய்வது. மூன்றாவதில், யார் பார்த்துச் சரி சொல்வது. நான்காவதில், எந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் முன்னால்தான் எழுதினார். வீடு கட்டிய ஒன்றரை வருடத்தில் அந்த ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"ஓட்டை போட்டவர் அடைக்கணுமா, கொத்தனார் அடைக்கணுமா?" என்ற கேள்வி அங்கேயும் வந்தது. பெரியப்பா, நியாயம் யார் பக்கம் என்று பார்க்கவே இல்லை. கலவை யாருக்குக் கைவரும் என்று பார்த்தார். கலவை கொத்தனார் வேலை. அதனால் அடைப்பது கொத்தனார். ஆனால் அடைக்கும்போது குழாய் அசையாமல், செங்குத்தாக நிற்கும்படி பிடித்துக் காட்ட வேண்டியது பிளம்பர். அந்த அரை நாளுக்குத் தனிக் கூலி என்று அங்கேயே பேசி எழுதினார். இரண்டாவது கட்டத்தில் இரண்டு பேர் பெயரை எழுத அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரு எழுதினா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம்" என்றார். யாருக்கும் பொருந்தாத இடங்களில் அப்பாவின் பெயரையே எழுதினார். உடைத்த குப்பையை அள்ளி வெளியேற்றுவது அப்படி அப்பா பெயருக்கு வந்ததுதான்.

வேலை நடந்த வரிசையைச் சொல்கிறேன். பிளம்பர் எல்லாக் குழாய்களையும், புது வாஷ்பேசின் வழியையும் சேர்த்துப் போட்டு முடித்தார். கழிவுக் குழாய்களின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டார்கள். தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. அதன் பிறகு, தளத்தைத் துளைக்கும் இடத்தில் குழாயின் மேல் பி.வி.சி ஒட்டும் பசையைத் தடவி, அது காய்வதற்குள் மணலைத் தூவினார்கள். இப்படிச் செய்தால் வழவழப்பான குழாய் சொரசொரப்பாகி, சிமென்ட் பிடித்துக்கொள்ளும். ஓட்டையின் அடியில் பலகை கொடுத்து, ஓரங்களைக் கொத்தி, ஈரமாக்கி, காய்ந்தாலும் சுருங்காத கிரவுட்டைக் கொத்தனார் ஊற்றினார்.

மூன்று நாள் ஈரம் காட்டிய பிறகு வாட்டர்புரூஃபிங் செய்பவர் வந்தார். அவரைப் பெரியப்பா உடனே வேலை செய்ய விடவில்லை. "முதல்ல பாருங்க. கொத்தனார் வேலையில எதாவது குறை இருந்தா இப்ப சொல்லுங்க. பூச்சு அடிச்ச பிறகு அது ஒங்க பொறுப்பு" என்றார். அவர் சுற்றிப் பார்த்து, ஒரு மூலை கூர்மையாக இருக்கிறது, அங்கே பூச்சு விரிசல் விடும், கலவை வைத்து வளைவாக்கித் தாருங்கள் என்றார். கொத்தனார் பத்து நிமிடத்தில் வளைத்துக் கொடுத்தார். முதல் முறையும் இதைக் கேட்டிருந்தால் இதே பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இரண்டு கோட் பூச்சு, ஒரு நாள் இடைவெளி விட்டு. சுவரில் ஓர் அடி உயரம் வரை. குளிக்கும் பக்கம் மட்டும் தலை உயரம். காய்ந்த பிறகு பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, கதவைச் சாத்தி இரண்டு நாள் விட்டார்கள். மட்டம் ஒரு நூல் இறங்கினால் அது ஆவியானதாக இருக்கும். கீழே கூரையில் ஈரம் தெரிகிறதா என்பதே முக்கியம். தெரியவில்லை. மூன்றாவது கட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நிரப்புக்கு ஜல்லி வந்தது. அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தில் யாராவது உளி வைக்க வேண்டுமென்றால், முதலில் வாட்டர்புரூஃபிங் செய்தவருக்கு போன் போக வேண்டும் என்று ஒரு வரி தனியாக எழுதியிருந்தது.

மொத்தம் 18 நாள் ஆனது. பழைய டைல்ஸின் அதே நிறம் கடையில் இல்லை. வேறு நிறம்தான் கிடைத்தது.

எல்லோரும் அளக்கும் ஒரே கோடு

நோட்டில் எழுதிய இன்னொரு விஷயம் மட்டம். வீடு கட்டும்போது ஆசாரி, கதவு நிலையைத் தளத்திலிருந்து அளந்து வைத்தார். டைல்ஸ் ஒட்டியவர் கலவையும் டைல்ஸுமாக இரண்டரை அங்குலம் ஏற்றினார். அவர் எங்கள் ஹாலை முதலில் முடித்துவிட்டு பாத்ரூமுக்கு வந்தபோது, கதவு தரையில் உரசியது. ஆசாரி வந்து கதவின் அடியை இழைத்துக் குறைத்தார். அதனால் பாத்ரூம் தரையை ஹாலைவிட ஓர் அங்குலம் தாழ்த்த இடமில்லாமல், கால் அங்குலம்தான் கிடைத்தது. குளித்தால் தண்ணீர் வெளியே வந்ததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு தரை எந்த உயரத்தில் இருக்கும் என்று முடிவு செய்து, அதிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் வீடு முழுக்க, எல்லாச் சுவரிலும் ஒரே கோடு போட வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். ஆசாரியும் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் டைல்ஸ் ஒட்டுபவரும் அந்தக் கோட்டிலிருந்து மட்டும்தான் அளக்க வேண்டும். பாத்ரூமில் கோட்டிலிருந்து கீழே ஒரு மீட்டருக்கு மேல் ஓர் அங்குலம், அதிலிருந்து கழிவுத் துளையை நோக்கி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். கோடு யார் போடுவது என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். எங்கள் ரிப்பேரில் அது கொத்தனார். அவர் கோடு போட்டார், டைல்ஸ் ஒட்டுபவர் தன் டியூபை வைத்துச் சரிபார்த்தார்.

இந்த நோட்டு எங்கே பலிக்காது

பெரியப்பாவின் நோட்டு மந்திரம் இல்லை. ரேட் பேசி முடித்த பிறகு நோட்டை நீட்டினால், 'இது நாங்க பேசலியே' என்பார்கள். அதுவும் நியாயம்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். எல்லைக் கோட்டில் வரும் வேலைகளுக்குக் கூலியும் சேர்த்துப் பேச வேண்டும். சிலர் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அவர்களிடம் வற்புறுத்தாமல், ஒருவர் முடித்த நிலையையும் அடுத்தவர் பார்த்து ஒப்புக்கொண்டதையும் போட்டோ எடுத்து, எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தேதியுடன் போட்டாலே போதும். எங்கள் குழுவில் அப்படி 60 போட்டோக்களுக்கு மேல் இருக்கின்றன.

கடைசித் தவணையை நிறுத்திவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஒருவர் செய்த குறைக்கு இன்னொருவரின் கூலியை நிறுத்தினால், அடுத்த முறை அவர் நம் வீட்டுக்கு வர மாட்டார். எது யாருடைய குறை என்று தெரிந்தால்தான் நிறுத்துவதிலும் நியாயம் இருக்கும்.

பில்டரிடம் ஃபிளாட் வாங்குபவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. ரெரா சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்திறனில் குறையோ தெரியவந்தால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பிளம்பரா, கொத்தனாரா என்பது வாங்கியவரின் கவலை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற இடம் முழுவதும் பில்டருடையது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சொந்த மனையில், மெட்டீரியலோடு சேர்த்து மொத்தமாக ஒருவரிடம் கான்ட்ராக்ட் விட்டாலும், ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொண்டால் அந்த இடம் அவர் தலையில் போகும். அதற்கும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார்.

எங்கள் அப்பாவைப்போல, கொத்தனாருக்குத் தனியாக, பிளம்பருக்குத் தனியாக என்று கூலி பேசிக் கட்டினால் பணம் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சத்தோடு சேர்ந்து, இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருக்கிற எல்லா இடங்களும் வீட்டுக்காரர் பெயருக்கு வந்துவிடும். அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுத விரும்பினால், ரேட் பேசும் நாளில்தான் முடியும்.

இப்போது தம்பி கல்யாணத்துக்காக மாடியில் இன்னோர் அறையும் பாத்ரூமும் போடப் பேச்சு நடக்கிறது. அதே ஐந்து பேர்தான். அப்பா இன்னும் ரேட் பேசவில்லை. புது நோட்டில் 11 வரி எழுதியாகிவிட்டது. அதில் எட்டாவது வரி, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற இடுக்கை அடைப்பது. அதற்கு எதிரே இரண்டாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ஜன்னல் மாட்டுபவரா, பெயின்டரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்துப் பேசப்போகிறார்கள்.